சிலிண்டர் மதுரையில், தீ சென்னையில்: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: மதுரையிலிருந்து சென்னை வளசரவாக்கத்துக்கு வாடகைக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. கேஸ் சிலிண்டரையும் லாரியிலேயே கொண்டுவந்துவிட்டோம். 12 நாள் முன்பு அடுப்பு டியூபில் தீப்பிடித்தது. ஊர் புதிது என்பதால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களே அணைத்தார்கள். மனைவிக்கு வலது கையில் தீக்காயம். தனியார் மருத்துவமனையில் 38,000 ரூபாய் செலவு. அருகிலுள்ள ஏஜென்சியின் மெக்கானிக் வந்து டியூபையும் ரெகுலேட்டரையும் எடுத்துப் போய்விட்டார். மதுரை ஏஜென்சி, "முகவரி மாற்றவில்லை, ஒன்றும் கிடைக்காது" என்கிறது. சமையலறையில் சிம்னியும் அலமாரியும் எரிந்ததால், ஹவுஸ் ஓனர் ஒரு லட்ச ரூபாய் அட்வான்ஸையும் பிடித்துக்கொள்வேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஏஜென்சி சொல்வதில் பாதிதான் சரி. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வீட்டு இணைப்புகளுக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. அதற்கு நீங்கள் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. எரிவாயுவே முதன்மைக் காரணமான விபத்தில் உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம் (ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை), பொருள் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை என்பது அதன் அமைப்பு. "பதிவு செய்த முகவரியில் நடந்திருக்க வேண்டும்" என்ற நிபந்தனை பொருள் சேதத்தோடுதான் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. எரிந்த சிம்னிக்கும் அலமாரிக்கும் இந்தக் காப்பீட்டில் பணம் கேட்பது கடினம். சிகிச்சைச் செலவை முகவரியைக் காட்டி எடுத்த எடுப்பிலேயே தட்டிவிட ஏஜென்சிக்கு அதிகாரம் இல்லை. முடிவெடுப்பது காப்பீட்டு நிறுவனம்.

எனவே நாளைக்கே மதுரை ஏஜென்சிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். உங்கள் நுகர்வோர் எண், விபத்து நடந்த நாள், நேரம், வீட்டு முகவரி, காயமடைந்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். நகலை எண்ணெய் நிறுவனத்தின் பகுதி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். காப்பீட்டு நிறுவனத்தைத் தேடி நீங்கள் போக வேண்டியதில்லை. ஏஜென்சி எண்ணெய் நிறுவனத்துக்குச் சொல்லி, அவர்கள் விசாரித்து, காப்பீட்டாளருக்கு அனுப்புவதே நடைமுறை. ஏஜென்சி தகவலை மேலே அனுப்பாமல் வைத்திருந்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அதற்காகத்தான் அந்த நகல்.

அதே கடிதத்தில் டியூப், ரெகுலேட்டர் விஷயத்தையும் எழுதுங்கள். யார் எடுத்துப் போனார், எந்த நாள் என்பதைக் குறிப்பிட்டு, அவற்றை அப்படியே பாதுகாத்து வைக்கும்படி அந்த உள்ளூர் ஏஜென்சியிடமும் எழுதிக் கேளுங்கள். இந்த வழக்கில் அதுதான் முக்கியமான சாட்சி. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு ஆயுள் 5 ஆண்டு. தேதி டியூப் மேலேயே அச்சிட்டிருக்கும். காலாவதியான டியூபோ, தெருமுனைக் கடையில் வாங்கிய சாதாரண ரப்பர் குழாயோ என்றால் தவறு உங்களுடையது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆயுள் மீதமிருந்த டியூபே பிளந்திருந்தால் விற்றவர் மீதும் தயாரித்தவர் மீதும் பொருள் குறைபாட்டுக்கு வழக்குப் போட இடமுண்டு. டியூப் காணாமல் போனால் இரண்டையும் நிரூபிக்க வழியில்லை.

அடுத்தது, நடந்ததற்கு அரசுத் தரப்பில் ஒரு தாள். 101-ஐ அழைத்திருந்தால் தீயணைப்பு நிலையத்தின் அறிக்கை கிடைத்திருக்கும். அக்கம்பக்கத்தார் அணைத்த தீக்கு அது தானாக வராது. இனி செய்யக்கூடியது: உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்குவது. பகுதித் தீயணைப்பு நிலைய அதிகாரியிடம் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி மனு கொடுத்து, இடத்தைப் பார்வையிட்டுப் பதிவு செய்யக் கேட்பது. சமையலறைக்கு இன்னும் வெள்ளையடிக்காமல் இருந்தால் அதற்குள் அவர் பார்த்துவிடட்டும். தீயை அணைத்த இரண்டு பேரிடம் கையெழுத்திட்ட வாக்குமூலமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, அசல் ரசீதுகள் எல்லாம் அதோடு இருக்க வேண்டும். முதல் நாள் அனுமதிச் சீட்டில் "சமையலறைத் தீ" என்பதற்குப் பதில் வெறும் "தீக்காயம்" என்று எழுதியிருந்தால் காரணம் குறித்து காப்பீட்டாளர் கேள்வி எழுப்புவார். சிகிச்சையளித்த மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்குங்கள். காவல்துறை உங்கள் மனைவியிடம் தனியே கேட்டால் வருத்தப்பட வேண்டாம். பெண்ணுக்குத் தீக்காயம் என்றால் எப்படி நேர்ந்தது என்று அவரிடமே கேட்பது வழக்கம். அந்தப் பதிலும் இழப்பீட்டுக்கு உதவும். கையின் மூட்டில் காயம் இருந்தால் விரல் மடங்காமல் போகும் அபாயம் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது; மேல்சிகிச்சைக்கு அங்கே காட்டலாம்.

ஹவுஸ் ஓனர் விஷயம் வேறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108(உ) பிரிவுப்படி, தீயால் கட்டடம் கணிசமாகவும் நிரந்தரமாகவும் பயன்படுத்த முடியாமல் போனால் குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு; அது அவருடைய தவறால் நேர்ந்திருக்கக் கூடாது. ஒரு சமையலறை கருகியது அந்த அளவைத் தொடாது. ஆக, வாடகை தொடரும். உங்கள் டியூபால் நேர்ந்த சேதத்துக்கு அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்கக்கூடியது உண்மையான பழுதுச் செலவு மட்டுமே. சிம்னி, அலமாரி, டைல்ஸ், பெயின்ட் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். பழைய சிம்னிக்குப் புதிய சிம்னி விலையை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மதிப்பீடு 40,000 என்றால் மீதி 60,000 உங்களுடையது. கட்டடத்துக்கு அவரிடம் காப்பீடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பல அடுக்குமாடிகளில் சங்கமே எடுத்து வைத்திருக்கும்.

ஏஜென்சியோ எண்ணெய் நிறுவனமோ பதில் தராமல் இழுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்கு அலைய வேண்டாம். செலுத்திய விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, கால அவகாசம் 2 ஆண்டு.

இப்போது இணைப்பைச் சரிசெய்யுங்கள். ஊர் மாறினால் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, மாற்றுச் சீட்டு வாங்கிப் புதிய ஏஜென்சியில் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ரெகுலேட்டர் இப்போது வேறொருவரிடம் இருப்பதால் அதற்கான ஒப்புகையில்லாமல் மதுரை ஏஜென்சி கணக்கை முடிக்காது. அதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

எண்கள்: தீக்கு 101, ஆம்புலன்ஸ் 108, கேஸ் கசிவுக்கு 1906, எது என்று தெரியாவிட்டால் 112. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். பதற்றத்தில் ஒன்றை மட்டும் சொன்னால் வண்டி தெருவின் மறுகோடிக்குப் போய்விடும். இரண்டையும், குறுக்குத் தெருவையும், பக்கத்துக் கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.