ராக்கெட் கோடும் உருளைக்கிழங்குக் கருகலும்

கேள்வி: ஐயா, ஊட்டிக்குப் பக்கத்தில் இத்தலார் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறோம். உருளைக்கிழங்கு 80 நாள் பயிர். பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஓடைப் பக்கத்துப் படிவயல் தட்டுகளில் இலையெல்லாம் வெந்த மாதிரி கறுத்துக் கிடக்கிறது. பக்கத்துப் பாத்தியில் கேரட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரமாகவே வானத்தில் ராக்கெட் போன வெள்ளைக் கோடு தினமும் தெரிகிறது. அந்தப் புகைதான் ராத்திரி இறங்கி இலையை எரிக்கிறது, இதை அடித்தால் விஷம் கழுவிப் போகும் என்று மருந்துக் கடையில் ஒரு பாட்டில் தருகிறார்கள், லிட்டர் 900 ரூபாய். பனிக்காகச் சருகு மூட்டமும் போட்டுப் பார்த்தோம், பயனில்லை. விமானப் புகையிலிருந்து பயிரை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் திறக்காமல் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். உங்கள் இலையைக் கருக்கியது உறைபனி. கடிதத்திலேயே அதற்கு இரண்டு சாட்சி இருக்கிறது. ஓடைப் பக்கத்துத் தட்டு மட்டும் கருகி மேல்தட்டு தப்பியிருந்தால், அது குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கியதன் அடையாளம். கேரட் தப்பியது இரண்டாவது சாட்சி. கேரட் இலை லேசான உறைபனியைத் தாங்கும், உருளை இலை தாங்காது. மேலிருந்து விஷம் இறங்கினால் பள்ளம் மேடு பார்த்து இறங்காது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பின் இலைக்கருகல் நோயிலும் இலை கறுக்கும். ஆனால் அது ஒரே ராத்திரியில் தட்டு முழுக்க வராது. புள்ளியாகத் தொடங்கி நாலைந்து நாளில் பரவும், ஈரமான காலையில் இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம் தெரியும். அது இல்லையென்றால் பூசணக்கொல்லிக்கும் இப்போது வேலை இல்லை.

சரி, ராக்கெட் போனது என்று நீங்கள் சொல்லும் கோடு, உயரத்தில் போகும் விமானம் விடுவது. அது என்ன என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் மூட்டத்தைப் பற்றி நான் சொல்லப்போவது பிடிபடும்.

விமானம் எரிப்பது சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ நீராவி வெளியே வருகிறது. எண்ணெயில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது. அந்தச் சூடான ஈரக்காற்று மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த காற்றோடு கலக்கும்போது, நீராவி முழுவதையும் அந்தக் கலவையால் தாங்க முடிவதில்லை. கூடவே வரும் நுண்ணிய கரித்துகள்களின் மீதும் கந்தகத் துகள்களின் மீதும் நீர் படிந்து, உடனே உறைந்து பனிப்படிகம் ஆகிறது. மார்கழிக் காலையில் வாய் திறந்தால் வெண்மையாக வருகிறதே, அதே வேலைதான். 1941-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஷ்மிட்டும், 1953-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஆப்பிள்மனும் எந்தக் குளிரில், எந்த ஈரத்தில் இந்தக் கோடு விழும் என்பதைக் கணக்காகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

அடுத்த முறை தெரியும்போது நன்றாகக் கவனியுங்கள். கோடு விமானத்தின் வாலை ஒட்டித் தொடங்காது. நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். வெளியே வந்த காற்று குளிர்ந்து பனியாவதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் அது. வெறும் கரும்புகையாக இருந்தால் இயந்திரத்தின் வாயிலேயே தெரிந்திருக்கும்.

ஒரே நாளில் ஒரு விமானம் கோடு போடும், இன்னொன்று போடாது. இதற்கும் காரணம் குளிர்தான். நம் தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நம் தலைக்கு மேல் 10 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 30-ஐ ஒட்டித்தான் குளிர் இருக்கும். 12 கிலோமீட்டருக்குப் போனால் மைனஸ் 50-ஐ நெருங்கும். அதனால் மிக உயரத்தில் போகிறவைதான் இங்கே கோடு விடும். கோயம்புத்தூரில் இறங்கத் தாழ்ந்து வருகிற விமானம் அதே எண்ணெயை எரித்தும் ஒரு தடமும் விடாது.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்றாலும், அந்தக் கோட்டுக்கும் உங்கள் தட்டுக்கும் நடுவே 8, 9 கிலோமீட்டர் காற்று இருக்கிறது. மேல்காற்று வறண்டிருந்தால் கோடு ஒரு நிமிடத்துக்குள் கரைந்துவிடும். ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் நின்று அகலமாகிப் பஞ்சு மேகமாகும். அப்போதுகூடப் படிகங்கள் கொஞ்சம் கீழே இறங்கியதும் வறண்ட காற்றில் ஆவியாகிப் போகும். கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் கந்தகமும் விமானப் புகையில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கின்றன. ஆனால் அந்த உயரத்துக் காற்று அவற்றைப் பல நூறு கிலோமீட்டருக்கு இழுத்துப் பரப்பிவிடும். கரித்துகள் தரைக்கு வர நாட்களோ வாரங்களோ ஆகும், அதுவும் பெரும்பாலும் மழையோடு, எங்கோ. உங்கள் கீழ்த்தட்டை மட்டும் தேடி ஒரே ராத்திரியில் இறங்க வழியே இல்லை. அந்தக் கோடுகளால் உள்ள கேடு வேறு. நிலைத்து நிற்பவை பூமியின் வெப்பத்தைத் தடுத்து, மொத்தத்தில் உலகைச் சூடாக்குகின்றன.

பிறகு ஏன் கோடு தெரிந்த வாரத்திலேயே இலை கருகியது? இரண்டுக்கும் காரணம் தெளிந்த வானம். விமானங்கள் ஆடியிலும் இதே உயரத்தில்தான் போகின்றன, மேகம் மறைத்துவிடுகிறது. தை மாதத்தில் மேகம் விலகியதும் கோடு கண்ணில் படுகிறது. அதே மேகமில்லாத வானம்தான் ராத்திரியில் மண்ணின் சூட்டை மேலே போகவிட்டு உறைபனியைக் கொண்டுவருகிறது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி சருகு மூட்டத்தைப் பற்றியது. நீலகிரியில் பனி என்றதும் ஈரச்சருகையும் கவாத்துக் குச்சியையும் குவித்துப் புகைய விடுகிறார்கள். வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன், உங்களிடமும் சொல்கிறேன். புகை உறைபனியைத் தடுக்காது.

மண் ராத்திரியில் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக விடுகிறது. அந்தக் கதிரின் அலைநீளம் 10 மைக்ரான் அளவில் இருக்கும். மூட்டப்புகையின் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. அது கண்ணை மறைக்கும், ஆனால் சூடு அதனூடே தாராளமாகப் போய்விடும். மேகத்தின் நீர்த்துளியும் பனிப்படிகமும் அதைவிடப் பெரியவை. அவை சூட்டை வாங்கித் திரும்பத் தரையை நோக்கி விடும். மேகம் போட்ட ராத்திரியில் பனி விழாதது இதனால்தான். அதாவது நீங்கள் பயந்த அந்த வெள்ளைக் கோடு நின்று விரிந்து மேகமானால், பனிக்கு எதிராக அது உங்களுக்குக் கொஞ்சமாவது துணை. நீங்கள் மூட்டிய புகை அந்தத் துணையைக்கூடச் செய்யாது. விடிந்தபின் வெயிலை மறைத்து, மண் சூடாவதை வேறு தாமதமாக்கும்.

நெருப்பின் சூட்டால் சிறிது பலன் உண்டு. ஆனால் அதற்குப் பல சிறு நெருப்பு வேண்டும். ஒரே பெரிய நெருப்பு சூட்டை நேராக மேலே அனுப்பிவிடும், பக்கத்துக் குளிர்காற்று அந்த இடத்துக்கு ஓடிவரும்.

விமானப் புகைக்கும் தரைப் புகைக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேதான் பார்க்கலாம். தெளிந்த ராத்திரியில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று கீழேயும் அதைவிடச் சூடான காற்று மேலேயுமாக அடுக்கிக்கொள்ளும். விடியற்காலையில் மேட்டில் நின்று பாருங்கள். அடுப்புப் புகை, தேயிலைத் தொழிற்சாலைக் கொதிகலனின் விறகுப் புகை, முதல் பஸ்ஸின் டீசல் புகை எல்லாம் கொஞ்ச உயரம் போய் மேலே ஏற முடியாமல் தட்டையாகப் பரந்து நிற்கும். அந்த அடுக்கு பல நாட்களில் நூறு, இருநூறு மீட்டர் கனம்கூட இருக்காது. வெயில் ஏறி 9, 10 மணிக்கு அது உடையும்வரை பள்ளத்து வீடுகளில் இருப்பவர்கள் அதைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள். 11 கிலோமீட்டரில் விட்ட புகை கரைந்துபோக வானம் முழுக்க இருக்கிறது, நாம் கீழே விடுவதற்கு ஒரு பள்ளத்தாக்குதான். மூட்டம் போட்டு அதில் இன்னும் சேர்க்காதீர்கள்.

அந்தச் சருகை எரிக்காமல் மக்க வையுங்கள். பனிக்குத் தண்ணீர்தான் நல்ல காப்பு. காலையிலிருந்தே வெயிலும் தெளிந்த வானமும் காற்றின்மையும் இருந்தால், மதியம் 2 மணிக்குள் பாத்தியை நன்றாக நனைத்துவிடுங்கள். ஈரமண் பகல் சூட்டை ஆழத்தில் வாங்கி வைத்து ராத்திரியில் விடும், காய்ந்த புழுதிமண் விடாது. தெளிப்பான் இருந்தால் வெப்பம் பூஜ்யத்துக்கு இறங்குவதற்கு முன்பே ஓட்டத் தொடங்க வேண்டும். தண்ணீர் உறையும்போது ஒவ்வொரு கிராமும் 80 கலோரி சூட்டை வெளிவிடுகிறது, இலை பிழைப்பது அதனால். ஆனால் வெயில் வந்து பனி உருகும்வரை நிறுத்தவே கூடாது. நடுவில் மின்சாரம் போய் தெளிப்பு நின்றால், ஈரம் ஆவியாகி இலையை இன்னும் குளிர்வித்துவிடும். மின்சாரத்தை நம்ப முடியாதென்றால் தெளிப்பானைத் தொடாதீர்கள், மதியப் பாசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் கீழ்த்தட்டின் ஓரத்தைப் போய்ப் பாருங்கள். ஓடைக்கரையில் அடர்ந்த வேலியோ புதரோ குறுக்கே நின்றால், குளிர்காற்று வடிய முடியாமல் உங்கள் வயலில் தேங்கும். இரண்டு இடத்தில் தரையோடு வெட்டி வழி விடுங்கள். அந்த 900 ரூபாயில், ராத்திரியின் குறைந்தபட்ச வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்கிப் பயிர் உயரத்தில், கீழ்த்தட்டிலேயே நட்டு வையுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டினால் அது சுவரின் சூட்டைக் காட்டும்.

கடைக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன இலைத்திசுவை எந்தத் தெளிப்பும் எழுப்பாது. பாட்டிலில் என்ன சத்து, எவ்வளவு விழுக்காடு, எந்தப் பயிருக்கு என்று அச்சிடாத எதையும் இலையில் அடிக்க வேண்டாம். வயலைப் பார்க்காமல் வானத்தைக் காட்டி விற்பவர் அடுத்த முறை வேறொரு காரணம் காட்டி வேறொரு பாட்டில் தருவார்.

இப்போதைய பயிருக்கு: கருகிய இலையை வெட்டாதீர்கள், யூரியாவும் போடாதீர்கள். ஒரு வாரம் பொறுத்துத் தண்டின் அடிப்பகுதியைக் கீறிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பக்கத்தளிர் வரும், அளவாகத் தண்ணீர் காட்டி விட்டுவிடுங்கள். பழுப்பாகிக் கொழகொழவென்றிருந்தால் தண்ணீரை நிறுத்தி, 10 நாள் கழித்து, தோல் விரலால் தேய்த்தும் உரியாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கிழங்கைத் தோண்டுங்கள். சிறிய கிழங்காகத்தான் கிடைக்கும். மேல்தட்டுக் கிழங்கோடு கலக்காமல் தனியாக விற்றுவிடுங்கள்.