எனாக்சபாரினும் புரோட்டமினும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ஹெப்பாரின் சொட்டு ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்கு ரத்தப்போக்கு வந்தபோது, ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுத்தோம். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஏபிடிடி சீக்கிரமே இறங்கிவிட்டது. எனாக்சபாரின் போட்டிருந்த இன்னொருவருக்குக் கொடுத்தபோது, "இது முழுசாகக் கேட்காது" என்றார் மருத்துவர். இரண்டும் ஹெப்பாரின்தானே? அளவுக் கணக்கும் ஏன் வேறாக இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

எல்லாவற்றுக்கும் காரணம் சங்கிலியின் நீளம்தான். ஹெப்பாரின் ஒரே அளவுள்ள மூலக்கூறு அல்ல. பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படும், பல நீளங்களில் அமைந்த சர்க்கரைச் சங்கிலிகளின் கலவை அது. சராசரி எடை சுமார் 15,000 டால்டன், அதாவது ஏறக்குறைய 45 சர்க்கரை அலகுகள்.

ஹெப்பாரின் நேரடியாக ரத்த உறைதலைத் தடுப்பதில்லை. தடுப்பது நம் ரத்தத்திலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம். தனியாக இருக்கையில் அது மிக மெதுவாகவே வேலை செய்யும். ஹெப்பாரின் சங்கிலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில், ஐந்து சர்க்கரைகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமைந்திருக்கும். அந்த ஐந்தும் ஆன்டித்ராம்பினைப் பற்றியதும் அதன் வடிவம் மாறி, வேகம் ஆயிரம் மடங்கு அளவுக்குக் கூடுகிறது. ஆன்டித்ராம்பின் உறைதல் நொதியைப் பிடித்த பிறகு ஹெப்பாரின் கழன்று, அடுத்த ஆன்டித்ராம்பினிடம் போய்விடும். ஆன்டித்ராம்பின் மிகக் குறைந்துபோன நோயாளிக்கு ஹெப்பாரினை ஏற்றிக்கொண்டே போனாலும் ஏபிடிடி எதிர்பார்த்தபடி உயராததற்கு இது ஒரு காரணம்.

இனி நீளத்துக்கு வருவோம். பத்து-ஏ என்ற உறைதல் காரணியைப் பிடிக்க அந்த ஐந்து சர்க்கரை போதும். த்ராம்பின் என்ற இன்னொரு உறைதல் காரணியைப் பிடிக்கப் போதாது. அங்கே ஒரே சங்கிலி ஒரு பக்கம் ஆன்டித்ராம்பினையும் மறுபக்கம் த்ராம்பினையும் பற்றிக்கொண்டு இரண்டையும் சேர்க்க வேண்டும். அதற்குக் குறைந்தது 18 சர்க்கரை நீளம் தேவை. சாதாரண ஹெப்பாரினில் பெரும்பாலான சங்கிலிகள் அதைவிட நீளமானவை. ஆகவே இரண்டு காரணிகளும் ஒரே அளவில் தடுக்கப்படுகின்றன. எனாக்சபாரின் வெட்டிக் குறுக்கப்பட்டது. சராசரி 4,500 டால்டன், சுமார் 15 சர்க்கரை. பாதிக்கு மேற்பட்ட சங்கிலிகளால் த்ராம்பினை எட்ட முடியாது. எனவே அதன் வேலை பெரும்பாலும் பத்து-ஏ மீதுதான். ஏபிடிடி அதைச் சரியாகக் காட்டாது. அளக்க வேண்டுமென்றால் ஆன்டி-பத்து-ஏ பரிசோதனைதான். குறுகிய சங்கிலிகள் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதான நோயாளியின் உடலில் மருந்து தேங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

புரோட்டமின் சால்மன் போன்ற மீன்களின் விந்திலிருந்து எடுக்கப்படும், நேர்மின்னேற்றம் மிகுந்த சிறு புரதம். எதிர்மின்னேற்றம் கொண்ட ஹெப்பாரினோடு அது ஒட்டிக்கொண்டால், ஆன்டித்ராம்பினைப் பற்ற ஹெப்பாரின் மிஞ்சாது. ஆனால் அந்தப் பிடிப்பு, சங்கிலி நீளமாகவும் மின்னேற்றம் அடர்த்தியாகவும் இருந்தால்தான் உறுதியாகும். எனாக்சபாரினில் த்ராம்பினைத் தடுக்கும் நீளமான சங்கிலிகளைப் புரோட்டமின் நன்றாகவே முடக்கும். குறுகியவை தப்பிவிடும். பத்து-ஏ தடுப்பில் சுமார் 60 சதவீதமே மாறும். அதனால் ஏபிடிடி இயல்புக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மருந்து போய்விட்டது என்று எண்ண வேண்டாம். தோலுக்கடியில் போட்ட எனாக்சபாரின் தொடர்ந்து ரத்தத்தில் கலந்துகொண்டிருக்க, புரோட்டமினோ சீக்கிரம் அகன்றுவிடும்.

கணக்குக்கு வருகிறேன். 1 மி.கி. புரோட்டமின் சுமார் 100 யூனிட் ஹெப்பாரினை முடக்கும். மணிக்கு 1,000 யூனிட் ஓடிய சொட்டை இப்போது நிறுத்தினால், முன்பு ஓடியதில் ஒரு பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும். ஹெப்பாரினின் அரை ஆயுள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். கடைசி மணியில் 1,000, அதற்கு முந்தையதில் 500, அதற்கும் முன் 250 என்று எடுத்தால் மொத்தம் 1,750 யூனிட். சுமார் 18 மி.கி. போதும். கொடுத்த 5 முதல் 15 நிமிடத்தில் ஏபிடிடி பார்க்கலாம்.

எனாக்சபாரினுக்கு நேரத்தைப் பார்க்க வேண்டும். 50 மி.கி. போட்டு 5 மணி நேரம் ஆகியிருந்தால், 8 மணிக்குள் இருப்பதால் மி.கி.க்கு மி.கி., அதாவது 50. எட்டு மணி தாண்டியிருந்தால் பாதி, 25. பன்னிரண்டு மணிக்குப் பின் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு தடவைக்கு 50 மி.கி.க்கு மேல் போக வேண்டாம். ரத்தப்போக்கு நிற்காமல், 2 முதல் 4 மணி நேரம் கழித்தும் ஏபிடிடி நீண்டே இருந்தால் 25 மி.கி. மீண்டும் கொடுக்கலாம்.

உங்கள் கையில் இருக்கும் முக்கியமான விஷயம் வேகம். நிமிடத்துக்கு 5 மி.கி.க்கு மிகாமல், 50 மி.கி.யைக் குறைந்தது பத்து நிமிடமாகச் செலுத்துங்கள். வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், நாடித்துடிப்பு குறையும். சிலருக்கு நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறி மூச்சுத்திணறும். என்பிஎச் இன்சுலின் போட்டுக்கொண்டவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்; அதில் புரோட்டமின் இருப்பதால் உடல் ஏற்கெனவே அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கலாம். மீன் ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். அட்ரீனலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரத்தம் நிற்கவில்லையே என்று கணக்கை மீறிப் புரோட்டமினை ஏற்றவும் கூடாது. மிஞ்சிய புரோட்டமினே தட்டணுக்களைக் கெடுத்து, உறைதலைத் தாமதமாக்கி ரத்தப்போக்கைக் கூட்டும்.