லோபரமைடு அளவு மீறினால் இதயம் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: வலி மாத்திரைப் பழக்கத்தை விடுகிறேன் என்று சொல்லி என் தம்பி வயிற்றுப்போக்குக்கான லோபரமைடு மாத்திரையை அட்டை அட்டையாக விழுங்குகிறான். மருந்துச் சீட்டே கேட்காமல் தருகிற மாத்திரைதானே என்கிறான். முந்தாநாள் நின்றபடியே மயங்கி விழுந்தான், கை கால் வெட்டியது. ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டான். இது வலிப்பா டாக்டர், வேறு ஏதாவதா?

பதில்: இதயத்தில்தான் கோளாறு என்று வைத்துக்கொண்டு, இன்றே ஆம்புலன்ஸை அழைத்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இப்போது நன்றாக நடமாடுகிறானே என்று காத்திருக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

லோபரமைடும், பழக்கமாகிவிடும் வலி மாத்திரைகளைப் போல, அபினை ஒத்து வேலை செய்யும் ஓபியாய்டு வகை மருந்துதான். குடலில் உள்ள ஓபியாய்டு ஏற்பிகளைப் பிடித்து அதன் அசைவை மந்தமாக்குவதால்தான் போக்கு நிற்கிறது. வழக்கமான அளவில் போதை தராததற்குக் காரணம், மூளைக்குள் நுழையப் பார்க்கும் இந்த மருந்தை பி-கிளைகோபுரோட்டீன் என்ற புரதம் திரும்ப வெளியே தள்ளிவிடுவதுதான். சீட்டு இல்லாமல் வாங்குபவருக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம், மருத்துவர் கண்காணிப்பில் 16 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. சீட்டு கேட்காமல் தருவது அந்த வரம்பை நம்பித்தான். உங்கள் தம்பி இதை மறந்துவிடுகிறார்.

அளவு பல மடங்கு கூடும்போது அந்தப் புரதத்தையும் மீறிக் கொஞ்சம் மருந்து மூளைக்குள் போகும். ஆனால் இதயத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை. மூளைக்குக் கொஞ்சம் எட்டுவதற்காக ரத்தத்தில் ஏற்றிய அவ்வளவு மருந்தும் இதயத் தசைக்கு நேராகப் போய்ச் சேருகிறது.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறினால்தான் அது அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அந்தப் பொட்டாசியம் போகும் வழியை லோபரமைடு அடைக்கிறது. செல் தயாராகத் தாமதமாகிறது. ஈசிஜியில் இது க்யூ.டி. இடைவெளி நீள்வதாகத் தெரியும். துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூ.டி. ஆண்களுக்கு ஏறத்தாழ 450 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது. அளவு இன்னும் ஏறினால் சோடியம் வழியும் அடைபட்டு, ஈசிஜியில் இதயத்தின் கீழறைகளில் மின்தூண்டல் பரவுவதைக் காட்டும் க்யூ.ஆர்.எஸ். அலை அகன்றுபோகும்.

இந்த நிலையில் தப்பான நேரத்தில் ஒரு துடிப்பு வந்து விழுந்தால் போதும், டோர்சாட் என்ற தாறுமாறான வேகத் துடிப்பு தொடங்கிவிடலாம். அது ஓடும் வரை மூளைக்கு ரத்தம் சரியாகப் போகாது. ஆள் விழுவார், கை கால் வெட்டும், பார்த்தால் வலிப்பு போலவே இருக்கும். தானாக நின்றால் எழுந்து உட்கார்ந்து பேசுவார். நிற்காவிட்டால் மரணம். நெஞ்சுவலி முன்னெச்சரிக்கையாக வர வேண்டும் என்றில்லை. உங்கள் தம்பிக்கு நடந்தது இதுதானா என்று ஈசிஜி பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது இதோடு அப்படியே பொருந்துகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் இந்த ஆபத்தைப் பற்றி எச்சரித்ததும், பிறகு பொட்டலத்தின் அளவைச் சுருக்கச் சொன்னதும் இதனால்தான்.

மருத்துவமனையில் 'லோபரமைடு' என்று பெயர் சொல்லுங்கள், காலி அட்டைகளையும் காட்டுங்கள். வழக்கமான சிறுநீர் போதைப் பரிசோதனையில் இது சிக்காது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழக்கத்தை நிறுத்தியதால் வாந்தி என்று நினைத்து வாந்தியை நிறுத்தும் ஆன்டன்செட்ரான் கொடுத்துவிடலாம். அதுவும் க்யூ.டி.யை நீட்டும் மருந்து. வாந்தியால் பொட்டாசியமும் மெக்னீசியமும் ஏற்கெனவே குறைந்திருக்கும். மூன்றும் சேர்ந்தால் நிலைமை கைமீறலாம்.

தெரிந்தால் மெக்னீசியத்தை ஊசியில் ஏற்றுவார்கள், பொட்டாசியத்தைச் சரிசெய்வார்கள், தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கர் வைத்துத் துடிப்பை வேகப்படுத்துவார்கள். க்யூ.ஆர்.எஸ். அகன்றிருந்தால் சோடியம் பைகார்பனேட் தருவதுண்டு. மூச்சு மந்தமானால் ஓபியாய்டுக்கு முறிவு மருந்தான நாலக்ஸோன் உதவும், ஆனால் இதயத் துடிப்பை அது சரிசெய்யாது. இவ்வளவு எடுத்தவரின் உடம்பிலிருந்து மருந்து மெதுவாகத்தான் வெளியேறும், கோளாறு நாள் கணக்கில் திரும்பத் திரும்ப வரலாம். ஆகவே ஈசிஜி சீராகும் வரை மானிட்டரில் வைத்திருப்பார்கள். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் வீட்டில் மறுபடி விழுந்து, அழைத்தும் அசையாமல், மூச்சும் இல்லாவிட்டால் நெஞ்சு அமுக்கத்தை உடனே தொடங்குங்கள்.

அப்புறம், மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தனியாக வேண்டும். அதற்குத் தரும் மருந்துகளில் மெத்தடோனும் க்யூ.டி.யை நீட்டக்கூடியது என்பதால், இவருக்கு இன்னொரு மருந்தான புப்ரெனார்ஃபின் ஏற்றதா என்று அங்கேயே கேளுங்கள்.