கடிகாரம் காட்டும் தெற்கு மேற்காக மாறுவது ஏன்?

கேள்வி: நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் வசிக்கிறேன். ஜூன் மாதக் கடைசியில் பிற்பகல் 2 மணிக்கு, மணி முள்ளைச் சூரியனை நோக்கி வைத்து, அதற்கும் 12-க்கும் நடுவே தெற்கு என்று கொண்டேன். நண்பரின் திசைகாட்டியில் பார்த்தால் அது மேற்கு. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் செய்த முறையில் தவறில்லை. அந்த முறை உங்கள் இடத்துக்கும் அந்த மாதத்துக்கும் பொருந்தாது என்பதே காரணம்.

மணி முள் 12 மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. சூரியனோ ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதாவது முள் மணிக்கு 30 டிகிரி நகரும்போது சூரியன் 15 டிகிரிதான் நகர்கிறது. நண்பகலில் சூரியன் நேர் தெற்கே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 12-லிருந்து முள் கடந்த கோணத்தில் பாதிதான் சூரியன் தெற்கிலிருந்து விலகிய கோணம். நடுக்கோட்டைத் தெற்கு என்பது இந்தக் கணக்கில்தான்.

இதில் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. நண்பகல் சூரியன் தெற்கில் நிற்க வேண்டும். அடிவானத்தை ஒட்டி அளக்கும் அதன் திசையும் மணிக்கு 15 டிகிரி வீதம் சீராக மாற வேண்டும். துருவத்துக்கு அருகில் இரண்டாவது அனுமானம் பெரும்பாலும் சரி. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குலைகிறது. ஏனெனில் இங்கே சூரியன் பக்கவாட்டில் சுற்றாமல், கிழக்கில் செங்குத்தாக ஏறி, தலைக்கு மேலே வந்து, மேற்கில் இறங்குகிறது. காலை முழுவதும் கிழக்கையே ஒட்டி நின்றுவிட்டு, நண்பகலை ஒட்டிய சிறிது நேரத்தில் மறுபக்கம் தாவிவிடும்.

இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச் மாத நாளில், பிற்பகல் 2 மணிக்குக் கடிகாரக் கணக்கின்படி சூரியன் தெற்கிலிருந்து மேற்காக 30 டிகிரி விலகியிருக்க வேண்டும். வடக்கே 45 டிகிரி அட்சரேகையில் உண்மையான விலகல் 39 டிகிரி. 9 டிகிரிப் பிழையோடு நடந்துபோய்விடலாம். அதே நாளில், அதே நேரத்தில், உங்கள் இடத்தில் விலகல் 73 டிகிரி. கடிகாரத் தெற்கு ஏறக்குறைய தென்மேற்கில் போய் விழும்.

ஜூன் கடைசியில் முதல் அனுமானமும் உடைகிறது. அப்போது சூரியன் கடக ரேகையை ஒட்டி இருப்பதால், உங்கள் ஊரில் நண்பகலில்கூட அது உச்சிக்கு 13 டிகிரி வடக்கேதான் நிற்கும். கடிகாரமும் சூரிய நேரமும் ஒத்திருந்ததாகக் கொண்டால், 2 மணிக்குச் சூரியன் நேர் மேற்கிலிருந்து 29 டிகிரி வடக்கே இருந்தது. நீங்கள் முள்ளை அதன் பக்கம் வைத்தீர்கள். 12-க்கும் 2-க்கும் நடுவான 1, முள்ளுக்கு இடப்பக்கம் 30 டிகிரி தள்ளி நிற்கிறது. ஆகவே நடுக்கோடு மேற்கில் விழுந்தது. நண்பரின் திசைகாட்டியைச் சந்தேகிக்க வேண்டாம்.

டிசம்பர் கடைசியில் இதே இடத்தில் இதே நேரத்தில் பிழை 11 டிகிரிதான், ஏனெனில் அப்போது சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். வெப்பமண்டலத்தில் இந்த முறையை அத்தகைய மாதங்களில் மட்டும் நம்புவேன்.

பயன்படுத்தும்போது முள்ளைக் கண்ணால் சூரியனுக்கு நேராக்க முயல வேண்டாம். கடிகாரத்தைத் தரைக்குச் சமமாகப் பிடித்து, மணி முள்ளின் நுனிக்கு நேரே விளிம்பில் ஒரு தீக்குச்சியை நிமிர்த்தி வையுங்கள். குச்சியின் நிழல் முள்ளின் மேல் படிந்து மையத்தைக் கடக்கும் வரை கடிகாரத்தைத் திருப்புங்கள். நேரத்தையும் திருத்த வேண்டும். கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் நாடுகளில் அதைக் கழிக்க வேண்டும். நேர மண்டலத்தின் அடிப்படைத் தீர்க்கரேகைக்கு மேற்கே ஒவ்வொரு டிகிரிக்கும் 4 நிமிடம் கழிக்க வேண்டும், கிழக்கே கூட்ட வேண்டும். ஒரு மணி பிசகினால் நடுக்கோடு 15 டிகிரி பிசகும். தென் அரைக்கோளத்தில் 12-ஐச் சூரியனை நோக்கி வைத்தால் நடுக்கோடு வடக்கு. முள் இல்லாத டிஜிட்டல் கடிகாரமானால், ஒரு தாளில் முகப்பை வரைந்துகொண்டால் போதும்.

உங்கள் இடத்தில் ஜூன் பிற்பகலுக்கு நான் எடுப்பது கடிகாரமல்ல, குச்சி. சமதரையில் ஒரு மீட்டர்க் குச்சியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். 15 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். நண்பகலை ஒட்டி இடைவெளி ஏறக்குறைய 6 செ.மீ. இருக்கும். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. கடிகார முறை மிக மோசமாகத் தவறும் நண்பகல் வேளையில்தான் இந்தக் கோடு கிழக்கு மேற்காக மிக நேராக விழுகிறது; காலை, மாலை என்று விலக விலக அது சற்றுச் சாயும்.