மாட்டுப் பாலில் வெங்காய வாடை வருவது ஏன்?

"வெங்காயத் தாள் போட்ட நாளில் பால் நாறுகிறது. பால் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. இது தீவன வாடை, அதாவது மாடு தின்றதன் மணம் பாலில் ஏறுவது. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காய அறுவடை நேரத்தில் இது சகஜம்.

பச்சைப் பூண்டு தின்றவர் பல் துலக்கியும் வாய் மணக்கிறதல்லவா? மணம் ரத்தத்தில் கலந்து மூச்சோடு வெளியே வருகிறது. மாட்டுக்கும் அதே கதைதான், கூடுதலாக மடி வழியும் உண்டு. தாளின் கந்தக மணம் இரைப்பையில் கிளம்பி, ஏப்பமாக மேலே வருகிறது. அதில் ஒரு பகுதியை மாடே திரும்ப மூச்சில் இழுத்துக்கொள்கிறது. நுரையீரலிலிருந்து ரத்தம், ரத்தத்திலிருந்து மடி. இதற்குச் சில நிமிடங்களே போதும். செரிமானம் வழியாகவும் மெதுவாக ஏறும். சைலேஜ் எனும் ஊறுகாய்ப்புல்லின் புளிப்பு வாடையும் இப்படித்தான்.

ரத்தத்தில் மணம் குறையக் குறைய மடியில் உள்ள பாலிலும் குறையும். அதனால் நேரம்தான் மருந்து. மாலை 4 மணிக்குக் கறப்பவர் 3 மணிக்குத் தாள் போட்டால் வாடை நிச்சயம். காலைக் கறவை முடிந்த கையோடு போட்டால் மாலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். சைலேஜுக்கும் இதே கணக்கு. தாளை மட்டும் கொஞ்சமாகவே போடுங்கள். அளவு மீறினால் மாட்டுக்கு ரத்தசோகை வரும்.

கறந்த பால் தொழுவக் காற்றிலிருந்து வாடையை இழுத்துக்கொள்கிறது என்று பலர் பாத்திரத்தை மூடி வைக்கிறார்கள். ஆனால் பெரும்பகுதி வாடை மடியிலிருந்தே வருகிறது.