மாமரத்தின் மேல் சாம்பல் திட்டுகள்

அன்புள்ள ஐயா,
எங்கள் வீட்டு மாமரத்தின் அடிமரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பச்சைத் திட்டுகள் படர்ந்திருக்கின்றன. இரண்டு வருடமாக இலையும் காய்ப்பும் குறைவு. இவைதான் மரத்தைத் தின்கின்றனவா? பாதியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டேன். மீதிக்கு மயில்துத்தம் அடிக்கலாமா? சமையலில் போடும் கல்பாசி இதுதானா?
ஆர்., தென்காசி

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். மயில்துத்தமும் வேண்டாம்.

அது லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து வாழும் உயிர். வெயிலை வைத்துப் பாசி உணவு தயாரிக்கிறது. தண்ணீரும் தாதுக்களும் மழையிலும் காற்றிலும் கிடைத்துவிடுகின்றன. அதற்கு வேர் கிடையாது. பட்டையின் செத்துப்போன வெளி அடுக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சாரல் விழும்போது பாருங்கள், நனைந்த திட்டு நல்ல பச்சையாகிவிடும். உள்ளே இருக்கும் பாசி தெரிவதால் வரும் நிறம் அது.

கல்பாசியும் ஒரு லைக்கன்தான். ஆனால் இனம் தெரியாததைச் சட்டியில் போடாதீர்கள்.

லைக்கன் மிக மெதுவாக வளரும். இலைபோல் விரியும் வகைகள்கூடப் பெரும்பாலும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். அப்படியென்றால் உள்ளங்கை அகலத் திட்டுக்கு என்ன வயது இருக்கும்? உங்கள் மரம் நன்றாகக் காய்த்த காலத்திலேயே அது அங்கே இருந்திருக்கிறது. இப்போதுதான் உங்கள் கண்ணில் படுகிறது. இலை உதிர்ந்து கிளை வெறுமையானால் அடிமரத்துக்கு வெயில் கூடுதலாக இறங்கும், லைக்கனும் செழிக்கும். மரம் நலிந்ததால் அது பெருகியது. நீங்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டீர்கள்.

என் பெரியப்பா வீட்டிலும் இதே கதைதான். கார் நிறுத்துவதற்காக முற்றத்தை அடிமரம் வரை சிமென்ட் போட்டு மூடினார்கள். மாமரம் நுனிக்கிளையிலிருந்து காய ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லாம் பட்டையைக் காட்டி “இந்தப் பாசிதான்” என்றார்கள். ஆள் வைத்துச் சுரண்டினார்கள். சுரண்டிய இடத்தில் பச்சைப் பட்டை கிழிந்து பிசின் வடிந்தது, பூஞ்சைக்கு வாசல் திறந்துவிட்டது. சிமென்ட்டை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை! மரத்துக்குச் சாப்பாடு தரும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கின்றன. அவற்றுக்குக் காற்றும் நீரும் வேண்டும். அந்தப் பெரிய மரத்தை மூச்சுத் திணறவைத்துக் கொன்றோம், பழியை ஒரு பாவப்பட்ட பாசி மேல் போட்டோம். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

சரி, உங்கள் மரம். அடிமரத்தில் துளையும் கீழே மரத்தூளும் இருந்தால் தண்டு துளைப்பான். கிளையில் இளஞ்சிவப்புப் படலம் தெரிந்து பட்டை வெடித்தால் அது வேறு பூஞ்சை நோய், அந்தக் கிளையைப் பச்சைப் பகுதி வரை வெட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தரையைப் பாருங்கள். தண்ணீர் தேங்குகிறதா, அடிமரத்தைச் சுற்றி மண் குவித்திருக்கிறீர்களா, சிமென்ட் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் கிளை நிழல் விழும் அளவுக்கு உடைத்தெடுங்கள். வேரை வெட்டிவிடாமல் மெதுவாக. முடியாவிட்டால் உடைக்க முடிந்த வரைக்குமாவது உடையுங்கள். சருகை மூடாக்காகப் போட்டு, அதை அடிமரத்தில் ஒட்டாமல் தள்ளி வையுங்கள்.

சுரண்டிய காயத்தின் மேல் எதையும் பூச வேண்டாம். அடுத்த தளிர் வந்ததும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.