அறிமுக உரையில் எந்தப் பகிடி?

"என் ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்திருக்கிறேன். வருகிற திங்கள் கூட்டத்தில் மூன்று நிமிடம் என்னை அறிமுகம் செய்து பேச வேண்டும். ஓய்வுபெறப் போகிற ஐயாமாரும் இருப்பார்கள், என்னோடு சேர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள். 'பயப்படாதீங்க, நான் ஒருத்தரையும் பாயோட ஒட்ட மாட்டன்' என்று தொடங்கலாமா? நிர்வாக உத்தியோகத்தர் ஐயா வேலைக்குச் சேரும்போது நான் பிறக்கவே இல்லை என்றும் ஒரு பகிடி வைத்திருக்கிறேன்."

இரண்டையும் எடுத்துவிடுங்கள், மகள்.

பாய்ப் பகிடி உங்களைப் பற்றியது, ஆகவே ஒருவரையும் நோகாது என்று நினைத்திருப்பீர்கள். தன்னைத்தானே கேலி செய்தால் பாதுகாப்பு என்று பயிற்சி வகுப்புகளிலும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். உங்கள் மறதியையோ, கூச்சத்தையோ சொன்னால் அது சரி. ஆனால் மட்டக்களப்பார் மந்திரம் செய்து பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்பது வெளியூர்க்காரர் நம் எல்லார் தலையிலும் கட்டிய கதை. அந்த மண்டபத்தில் உங்களைப் போல வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்து முப்பது வருடம் வேலை செய்த ஓர் அக்கா இருப்பார். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். நீங்கள் சொல்லும்போது உங்களோடு சேர்த்து அவரும் மேடையில் நிற்கிறார், அவரை நீங்கள் கேட்கவில்லை. இன்னொன்றும் உண்டு: முதல் நாளில் நீங்களே சொன்னதை மறுநாள் மற்றவர்கள் சொன்னால் தடுக்க முடியாது. அதுவே பட்டப்பெயராகிவிடும்.

வயதுப் பகிடி எப்படிப் போகும் என்று பாருங்கள். சின்னவர்கள் சிரிக்கும் முன் ஐயாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் சிரித்தால்தான் சிரிப்பார்கள். அந்த இரண்டு வினாடி மண்டபமே அவரைப் பார்க்கிறது. பிடிக்காவிட்டாலும் அவர் சிரிக்க வேண்டியதாகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கு முன் பேசும் அவரே தன் வயதைச் சொல்லிச் சிரித்தால், அவர் சொன்ன அளவுக்கு நீங்கள் தொடலாம். அவர் சொன்ன அளவுக்கு மட்டும். "எனக்கு வயதாகிவிட்டது" என்று அவர் சொன்னால், "ஐயா அப்படிச் சொன்னாலும் என் கோப்பை ஐயாதான் முதலில் கண்டுபிடித்துத் தந்தார்" என்று, அது நடந்திருந்தால், சொல்லலாம். தேநீர் நேரத்தில் உங்களிடம் தனியாகச் சொன்னது இந்தக் கணக்கில் வராது. போன வருடம் வேறொரு கூட்டத்தில் சொன்னதும் வராது. அதே மேடை, அதே நாள், அவர் வாயால். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதைச் சொல்வது? உங்கள் வழியிலேயே இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அங்கே வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவைதான் இருந்தது. பெரியவர்கள் அதில் சைக்கிளோடு நின்றவர்கள். சின்னவர்களுக்குப் பாதை என்றால் ரோட்டுத்தான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "என் ஊர் படுவான்கரை. முந்தி வாவியைக் கடக்கப் பாதை என்று மிதக்கிற ஒன்று இருந்தது. வேலைக்குப் பிந்தினால் 'பாதை வரயில்ல' என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். பாலம் கட்டினதால எனக்கு அந்தச் சாட்டும் இல்லை."

இதில் குத்து விழுவது உங்கள் மேல் மட்டும். பெரியவர்களுக்கு ஒரு நினைவு, சின்னவர்களுக்கு ஒரு செய்தி. ஒருவரும் சிரிக்காவிட்டாலும் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், நேரத்துக்கு வருவீர்கள் என்ற இரண்டு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். பெயரும் படிப்பும் சொன்ன பிறகு இதைச் சொல்லுங்கள். கடைசிச் சொல்லுக்குப் பின் ஒரு மூச்சு நில்லுங்கள். சிரிப்பு வராவிட்டால் விளக்கம் சொல்லாமல் அடுத்த வசனத்துக்குப் போங்கள். மூன்று நிமிடத்துக்கு இந்த ஒன்று போதும்.

அப்புறம், காசுக்கு அறிமுக உரை எழுதித் தருகிறவர்களை நம்பாதீர்கள். ஊர் பெயரை மட்டும் மாற்றி ஒரே தாளை எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். ஒரு வரவேற்பு விழாவில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து வந்து ஒரே மீன்பாடும் தேனாட்டுப் பகிடியைச் சொன்னதை நான் முன்வரிசையில் இருந்து பார்த்தேன். இரண்டாவது பிள்ளைக்குக் குரல் நடுங்கிவிட்டது. பேசப் பழக்காமல் சான்றிதழ் மட்டும் கொடுக்கிற வகுப்புகளும், சேர்ந்த கிழமையே பிள்ளைகளை மேடையில் ஏற்றுகிற அலுவலகங்களும் இருக்கும் வரை இந்த வியாபாரம் நடக்கும். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

நிகழ்ச்சியைத் தொகுப்பவரிடமும் கவனம். கலகலப்பாக இருக்கட்டும் என்று உங்களைக் கூப்பிடும்போதே அவர் ஒரு பகிடியைச் சேர்த்துவிடுவார். உங்கள் பெயர், ஊர், பதவி மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, "இதை மட்டும் வாசியுங்க அண்ணன்" என்று வெள்ளிக்கிழமையே கையில் கொடுத்துவிடுங்கள்.